கல்வெட்டுப் பட்டியலில் தமிழ் எண்கள்: SUBSTITUTE சூத்திரமும் ஒரு சுழியமும்

பின்னணி

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில் உள்ள ஒரு ஊர்க் கோயில். 2024இல் திருப்பணி முடிந்து குடமுழுக்கு நடந்தது. நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களைக் கருங்கல்லில் பொறித்து முன்மண்டபச் சுவரில் பதிப்பதாகத் திருப்பணிக் குழு முடிவு செய்தது. மொத்தம் 164 பேர். பட்டியல் கோயில் அலுவலகக் கணினியில், எக்செல் கோப்பாக ஏற்கெனவே இருந்தது: வரிசை எண், பெயர், பணம் கொடுத்த தேதி, தொகை என்று நான்கு பத்திகள், அடியில் கூட்டுத்தொகை.

குழுத் தலைவருக்கு ஒரு ஆசை. அதே மண்டபத்தில் பழைய கல்வெட்டு ஒன்று இருக்கிறது, அதில் எண்கள் எல்லாம் தமிழில் இருக்கும். புதுக் கல்லும் அதோடு சேர்ந்து நிற்க வேண்டும் என்றார். நான் காரைக்குடியில் கணக்கு வேலை பார்க்கிறவன், அந்தக் கோயிலின் வருடக் கணக்கையும் எழுதிக் கொடுக்கிறேன். எண்ணை மாற்றும் வேலையைச் செயலாளரின் மகன் தானே செய்வதாகச் சொன்னான், கல்லூரியில் படிக்கிற பையன். என்னிடம் விஷயம் வந்தது அவன் முதல் முறை முடித்த பிறகுதான்.

முதல் முயற்சியில் நடந்தது

பையன் எடுத்த வழி தவறில்லை. ஒரு செல்லில் உள்ள 0 முதல் 9 வரையான எண்களை ஒவ்வொன்றாகத் தமிழ் எண்ணாக மாற்ற, SUBSTITUTE சூத்திரத்தைப் பத்து முறை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் போதும்.

```
=SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(
 SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(
 A2,"0","௦"),"1","௧"),"2","௨"),"3","௩"),"4","௪"),
 "5","௫"),"6","௬"),"7","௭"),"8","௮"),"9","௯")
```

உள்ளே இருக்கும் SUBSTITUTE முதலில் வேலை செய்யும், அதன் விடையை அடுத்தது வாங்கிக்கொள்ளும். எதை முதலில் மாற்றுகிறோம் என்பது இங்கே முக்கியமில்லை, ஏனென்றால் 1 ஐ ௧ ஆக்கிய பிறகு அந்த ௧ ஐ வேறு எந்தச் சூத்திரமும் தேடப்போவதில்லை.

முதல் தடங்கல் கோப்பின் வகையில் வந்தது. கோயில் கோப்பு பல வருடம் பழையது, .xls ஆகவே சேமிக்கப்பட்டு வந்திருக்கிறது. அந்த வகைக் கோப்பில் சூத்திரங்களை ஏழு அடுக்குக்கு மேல் அடுக்க விடமாட்டார்கள், எக்செல் புதியதாக இருந்தாலும் கோப்பு பழைய வகை என்றால் அதே கட்டுப்பாடுதான். அனுமதித்ததைவிட அதிக அடுக்கு என்று செய்தி வந்ததும், பையன் புத்திசாலித்தனமாக ஐந்தை ஒரு பத்தியிலும் மீதி ஐந்தை அடுத்த பத்தியிலும் பிரித்துப் போட்டுவிட்டான். கோப்பை .xlsx ஆகச் சேமித்திருந்தாலும் தீர்ந்திருக்கும்.

அதற்கடுத்துச் செய்ததில்தான் சிக்கல். கிடைத்த தமிழ் எண்களை நகலெடுத்து, மதிப்பாக மட்டும், பழைய பத்திகளின் மேலேயே ஒட்டிவிட்டான். வரிசை எண், தேதி, தொகை மூன்றும் போயின. கோப்பை மூடியும் விட்டான்.

திறந்து பார்த்தபோது கண்டவை

மறுநாள் செயலாளர் கோப்பைத் திறந்து நேராக அடிக்குப் போனார். கூட்டுத்தொகை இருக்க வேண்டிய இடத்தில் 0. பக்கத்துப் பத்தியில் அதையும் சூத்திரம் மாற்றியிருந்ததால் அங்கே ஒரு ௦. அத்தனை லட்சம் வசூலான திருப்பணிக்கு அடியில் ஒரே ஒரு சுழியம். அவர் எனக்குப் போன் செய்தபோது குரலே சரியில்லை, பணத்துக்கு என்னவோ ஆகிவிட்ட மாதிரி பேசினார்.

பணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. SUBSTITUTE எதை எடுத்தாலும் எழுத்தாகத்தான் திருப்பிக் கொடுக்கும், எண்ணாகக் கொடுக்காது. ௫௦௦௧ என்பது எக்செல்லுக்கு நான்கு எழுத்து கொண்ட ஒரு சொல், ஒரு பெயரைப் போல. SUM அப்படிப்பட்ட செல்களைக் கண்டுகொள்ளாது, தவறு என்றும் சொல்லாது, பேசாமல் 0 போட்டுவிடும். அடையாளம் கண்டுபிடிப்பது எளிது: எண் என்றால் செல்லில் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து என்றால் இடப்பக்கம் போய்விடும். நாமாக ஒழுங்கு மாற்றாத வரை இது நம்பலாம்.

தேதிப் பத்தி இன்னும் மோசம். பொங்கல் அன்று, 15-01-2024இல், பணம் கொடுத்தவரின் வரியில் ௪௫௩௦௬ என்று இருந்தது. எக்செல் தேதியை நாள் எண்ணிக்கையாகத்தான் உள்ளே வைத்திருக்கிறது, நாம் பார்க்கும் 15-01-2024 என்பது அதற்குப் போட்ட மேல்சட்டை. SUBSTITUTE மேல்சட்டையைப் பார்க்காது, உள்ளே இருக்கும் 45306 ஐ எடுத்துக்கொள்ளும். முதலில் `TEXT(C2,"dd-mm-yyyy")` என்று எழுத்தாக்கிவிட்டு அதன் மேல் SUBSTITUTE போட்டால் சரியாக வரும். தொகையில் நாம் போடும் காற்புள்ளிகளும் இதே காரணத்தால்தான் காணாமல் போகின்றன.

நல்லவேளை, பழைய கோப்பைச் செயலாளர் இரண்டு வாரம் முன்பு யாருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அதை மீட்டெடுத்தோம்.

எண் போலத் தெரிந்த எழுத்துகள்

பையன் ஒட்டிய எண்களை மீட்ட கோப்போடு ஒத்துப் பார்க்கும்போது பதினைந்தாம் வரியில் என் கண் நின்றது. வரிசை எண் ‘கரு’ என்று இருந்தது. ௧௫ அல்ல, கரு. பதினாறில் ‘கசு’.

மேலே நான் கொடுத்த சூத்திரம் திருத்திய பிறகு உள்ளது. பையன் முதலில் எழுதியதில் மேற்கோள் குறிகளுக்குள் இருந்தவை எண்கள் அல்ல, எழுத்துகள். அவன் பயன்படுத்திய விசைப்பலகையில் தமிழ் எண் இல்லை, ஆகவே 1க்கு க, 2க்கு உ, 5க்கு ரு, 6க்கு சு, 7க்கு எ, 8க்கு அ என்று போட்டிருக்கிறான். பள்ளிக்கூடத்தில் நமக்கு அப்படித்தானே சொல்லிக் கொடுத்தார்கள், க என்றால் ஒன்று, உ என்றால் இரண்டு என்று. காகிதத்தில் எழுதும்போது அது சரி. கணினிக்கு ௧ வேறு, க வேறு. ஒருங்குறியில் ௧ இன் எண் 3047, க இன் எண் 2965. ௨ 3048, உ 2953.

சந்தேகம் வந்தால் இரண்டு சின்னச் சோதனை போதும்.

```
=UNICODE(B2)
=LEN(B2)
```

UNICODE செல்லின் முதல் எழுத்தின் எண்ணைக் காட்டும். 3046 முதல் 3055 வரை இருந்தால் தமிழ் இலக்கம், 3046 என்பது ௦, 3055 என்பது ௯. இந்தச் சூத்திரம் 2013 எக்செல்லிலிருந்துதான் உண்டு, அதனால் என் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். LEN எழுத்துகளின் நீளத்தைச் சொல்லும்: ௫ என்றால் 1, ரு என்றால் 2, ஏனென்றால் அது ர மீது உகரம் ஏறியது.

கல்லில் வெட்டினால் எல்லாம் ஒன்றுபோலத்தானே தெரியும் என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் பல எழுத்துருக்களில் இலக்கங்கள் ஒரே உயரத்தில் வரைந்திருப்பார்கள், எழுத்துகள் ஏறி இறங்கி இருக்கும். அவன் 3க்கு மட்டும் எங்கிருந்தோ ௩ ஐ நகலெடுத்திருந்தான், அதனால் ‘க௩’ என்ற பதின்மூன்றில் இரண்டும் இரண்டு அளவில் நின்றன. இலக்கங்களை நேராக `UNICHAR(3047)` என்று வரவழைத்து நகலெடுத்துச் சூத்திரத்தைத் திருத்திக் கொடுத்தேன்.

ஸ்டிக்கர் கடையும் ஆச்சியும்

இப்போதெல்லாம் கல்வெட்டுக்குக் கணினியில் எழுத்தமைத்து, ஸ்டிக்கரில் வெட்டி, கல்லில் ஒட்டி, அதன் வழியாகப் பொறிக்கிறார்கள். திருத்திய பட்டியலை அந்தக் கடைக்கு அனுப்பினோம். இரண்டாம் நாள் காகிதத்தில் ஒரு மாதிரி வந்தது. ஒன்று முதல் ஒன்பது வரை அழகாக இருந்தது. பத்தாம் வரியில் ௧க்குப் பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம். இருபதிலும் கட்டம், முப்பதிலும் கட்டம்.

காரணம் ௦ தான். மற்ற தமிழ் இலக்கங்கள் ஒருங்குறியில் முதலிலேயே இருந்தன, சுழியம் மட்டும் 2005இல், 4.1 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முன் செய்த எழுத்துருக்களில் அந்த வடிவமே இருக்காது. கடைக்காரர் வைத்திருந்தது அப்படி ஒரு பழைய எழுத்துரு. வேறு எழுத்துரு போட்டால் சரியாகிவிடும் என்று நானும் சொன்னேன், அவரும் சொன்னார், வேலை அங்கேயே முடிந்திருக்கும்.

அந்த மாதிரித் தாளைக் குழுத் தலைவர் வீட்டுக்குக் கொண்டுபோனோம். முகப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அவருடைய அம்மா, எண்பது தாண்டிய ஆச்சி, தாளை வாங்கிப் பார்த்தார். அவருடைய அப்பச்சி பர்மாவில் பெட்டியடியில் இருந்தவர், பேரேட்டில் தமிழ் எண்ணைப் பார்த்தே வளர்ந்திருக்கிறார்.

“ஏந்தம்பி, இதென்ன ஒண்ணு போட்டுப் பக்கத்துல கட்டம்?”

“அது பத்து, ஆச்சி. கட்டம் இருக்கிற இடத்துல சைபர் வரும். எழுத்து சரியா விழலை.”

“பத்துக்கு எதுக்குச் சைபர்? பத்துன்னா ய மாதிரி ஒண்ணு போடுவாக. நூறுக்குத் தனியா உண்டு. எங்கப்பச்சி நோட்டுல சைபரே இருக்காது.”

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது அவ்வளவு சரி. நான் கணக்கு எழுதுகிறவன், ௰ தெரியும், ௱ தெரியும், ௲ தெரியும், அப்படி இருந்தும் எழுத்துரு மாற்றினால் போதும் என்று நினைத்திருக்கிறேன். சாயங்காலம் கோயிலுக்குப் போய்ப் பழைய கல்வெட்டை டார்ச் அடித்துப் பார்த்தோம். பத்தாம் பெயருக்கு எதிரே ௰. பதினொன்றுக்கு ௰௧. இருபத்தைந்துக்கு ௨௰௫. எங்கேயும் சுழியம் இல்லை.

அதாவது SUBSTITUTE செய்வது வடிவத்தை மாற்றுவது மட்டும்தான். 25 ஐ ௨௫ ஆக்கும். அது இன்றைய இடமதிப்பு முறை, இலக்கம் மட்டும் தமிழ். பழைய முறையில் இருபத்தைந்து என்பது ‘இரண்டு பத்து ஐந்து’, சொல்கிற மாதிரியே எழுதுவது: ௨௰௫. நூற்றுப் பதினைந்து ௱௰௫. பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் முன்னால் ஒன்று என்று தனியாக ௧ போடுவதில்லை. பழைய கல்லோடு புதுக் கல் சேர்ந்து நிற்க வேண்டும் என்றால் இந்த முறைதான் வேண்டும்.

எடுத்த முடிவுகள்

அன்று இரவு தலைவர் வீட்டிலேயே பேசி முடித்தோம். வரிசை எண்களும், தலைப்பில் வரும் குடமுழுக்கு ஆண்டும் பழைய தமிழ் முறையில். தொகை சாதாரண எண்ணிலேயே இருக்கட்டும். இதை ஆச்சியே சொன்னார், கொடுத்தவனின் பேரன் வந்து நின்று தாத்தா எவ்வளவு கொடுத்தார் என்று பார்த்தால் அவனுக்குப் படிக்கத் தெரிய வேண்டும் என்று. தலைவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், அப்புறம் ஒத்துக்கொண்டார். ஒவ்வொருவர் கொடுத்த தேதியும் கல்லுக்கு வேண்டாம் என்று எடுத்துவிட்டோம்.

கோப்பில் மூலப் பத்திகளைத் தொடுவதில்லை. தமிழ் எண் தனிப் பத்தியில் மட்டும். வரிசைப்படுத்துவதும் கூட்டுவதும் மூலப் பத்தியை வைத்துத்தான், ஏனென்றால் ௰ முதலியவற்றை எக்செல் மதிப்பைப் பார்த்து வரிசைப்படுத்தாது.

இரண்டாவது சூத்திரம்

பழைய முறைக்கும் SUBSTITUTE போதும், ஆனால் அதற்கு முன்னால் இடத்தைக் காட்டும் குறிகளை உள்ளே செருக வேண்டும். அதை TEXT செய்துவிடும். `TEXT(A2,"0\௱0\௰0")` என்று கொடுத்தால் 115 என்பது 1௱1௰5 ஆகிறது, 12 என்பது 0௱1௰2 ஆகிறது. இப்போது வேண்டாததைக் கழிக்க வேண்டும்.

```
=SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(
 TEXT(A2,"0\௱0\௰0"),
 "0௱",""),"0௰",""),"1௱","௱"),"1௰","௰"),"0","")
```

நூறில்லை என்றால் 0௱ போய்விடும், பத்தில்லை என்றால் 0௰ போய்விடும், 1௱ வெறும் ௱ ஆகும், 1௰ வெறும் ௰ ஆகும், கடைசியில் மிஞ்சும் 0 உம் போய்விடும். 12 இப்படி நகர்கிறது: 0௱1௰2, பிறகு 1௰2, பிறகு ௰2. 110 முதலில் 1௱1௰0, முடிவில் ௱௰. அடுத்த பத்தியில் முதல் சூத்திரத்தை இந்த விடையின் மேல் போட்டால், மிச்சமிருக்கும் சாதாரண இலக்கங்கள் தமிழாகிவிடும்.

இங்கே வரிசை முக்கியம், முதல் சூத்திரம் மாதிரி இல்லை. "0" ஐ அழிப்பதை முதலில் போட்டால் 0௱ இல் இருக்கும் 0 மட்டும் போய் ௱ தனியாக நின்றுவிடும், 12 என்பது ௱௰௨ என்று நூற்றுப் பன்னிரண்டாகிவிடும்.

ஆண்டில் நேர்ந்த பிழை

வரிசை எண்கள் சரியாக வந்த தைரியத்தில் தலைப்பின் 2024க்கும் பையன் அதே சூத்திரத்தை இழுத்துவிட்டான். வந்தது ௨௨௰௪. பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, தமிழ் எண் மாதிரியே இருக்கிறது, எக்செல்லும் பிழை காட்டவில்லை.

நடந்தது இதுதான். வடிவத்தில் மூன்று இடம் மட்டும் கொடுத்திருந்தோம். நான்கு இலக்க எண் வந்தால் முதல் இடம் மிச்சத்தை எல்லாம் வாங்கிக்கொள்ளும், 2024 என்பது 20௱2௰4 ஆகும். சூத்திரம் அதிலுள்ள 0௱ ஐ நூறில்லை என்று நினைத்துக் கழித்துவிட்டது, 22௰4 மிஞ்சியது. ஆக அந்தச் சூத்திரத்தின் எல்லை 999. ஆண்டுக்கு `TEXT(A2,"0\௲0\௱0\௰0")` என்று எழுதி, "0௲" ஐக் கழிப்பதையும் "1௲" ஐ ௲ ஆக்குவதையும் சேர்த்தோம், வரிசையில் கடைசி "0" மட்டும் கடைசியிலேயே இருக்கும்படி. ௨௲௨௰௪ வந்தது, இரண்டாயிரத்து இருபத்து நான்கு. இதன் எல்லை 9999.

இதைப் பிடித்தது நானல்ல, ஆச்சி. சரிபார்க்க நாங்கள் வைத்திருந்த முறை ரொம்பச் சாதாரணமானது: தமிழ் எண் மட்டும் உள்ள தாள் ஆச்சி கையில், சாதாரண எண் உள்ள தாள் பையன் கையில். அவர் வாய்விட்டுப் படிப்பார், பையன் டிக் அடிப்பான். முதல் வரியே ஆண்டு. “இருபத்திரண்டு பத்து நாலா? இப்படி ஒரு எண் இல்லையேப்பா” என்று நிறுத்திவிட்டார். அப்புறம் 164 வரை தடையில்லாமல் போனது. ‘நூற்று அறுபத்து நாலு’ என்று ௱௬௰௪ ஐப் படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தார்.

பிறகு நடந்தவை

புதுப் பட்டியலில் ௦ ஒரு இடத்திலும் இல்லாததால் ஸ்டிக்கர் கடையின் பழைய எழுத்துருவிலேயே எல்லாம் விழுந்தது, ௰ உம் ௱ உம் ௲ உம் அதில் இருந்தன. கடைக்கு இந்த முறை எக்செல் கோப்போடு எழுத்துரு பதிந்த பிடிஎஃப் ஒன்றையும் கொடுத்தோம், அவர் திரையில் மாறித் தெரிந்தால் ஒத்துப் பார்க்க. கல் பதித்தாகிவிட்டது.

பதித்த பிறகு வந்த ஒரே குறை, இளவட்டங்களுக்கு வரிசை எண் படிக்க வரவில்லை என்பது. அதனால் பக்கத்தில் ஒரு சிறிய கல்லில் ௧ முதல் ௰ வரையும், ௱ உம் ௲ உம், நேரே கீழே சாதாரண எண்களும் பொறித்து வைத்தார்கள். அதற்கான தாளை UNICHAR வைத்துப் பையனே செய்தான்.

அடுத்த முறை மாற்றிச் செய்வது

எந்தச் சூத்திரமும் போடுவதற்கு முன் பழைய கல்லை, அல்லது எதைப் பார்த்துச் செய்யச் சொல்கிறார்களோ அதை, நேரில் போய்ப் பத்தாம் எண்ணைப் பார்ப்பேன். அங்கே ௧௦ இருந்தால் முதல் சூத்திரம், ௰ இருந்தால் இரண்டாவது. இதை முதல் நாளே செய்திருந்தால் ஒரு மாதிரித் தாளும் நாலு நாளும் மிச்சம்.

கோப்பை யாரிடம் கொடுத்தாலும் மூலத் தாளைப் பூட்டி, தமிழ் எண்ணுக்கு வேறு தாள் வைத்துக் கொடுப்பேன். சூத்திரத்துக்கு ஒரு சோதனை வரிசையும் சேர்த்துவிட்டேன்: 9, 10, 11, 20, 99, 100, 101, 110, 111, 200, 999, அப்புறம் எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்று காட்ட 1000. அந்த 1000க்கு மூன்று இடச் சூத்திரம் ௧ என்று ஒன்றைக் காட்டுகிறது, அதனால் A2 999ஐத் தாண்டினால் செல்லில் ‘எல்லை’ என்று வரும்படி முன்னால் ஒரு IF போட்டு வைத்திருக்கிறேன்.